போனது 200, வந்தது 197, குறைந்தது எத்தனை?

"சேர், பாத்திரம், லைட் வாடகைக்கு விடுகிறோம். சாமான் போகும்போது எண்ணி எழுதுகிறோம், குடோனுக்கு வந்ததும் எண்ணி எழுதுகிறோம். ஆனாலும் உடைசலுக்கும் குறைவுக்கும் காசு கேட்டால் ஒவ்வொரு தடவையும் தகராறுதான். ஷீட்டில் இன்னும் என்ன எழுத வேண்டும்?"

உங்கள் ஷீட்டில் நடுவில் ஓர் எண்ணிக்கை விட்டுப்போயிருக்கிறது. சாமான் குடோனை விட்டுக் கிளம்புவதற்கும் திரும்பி வந்து இறங்குவதற்கும் இடையே அது குறைந்தது இரண்டு பேர் கையில் இருக்கிறது. நிகழ்ச்சி நடக்கும்போது வாடிக்கையாளர் கையில், போகவர வண்டியில் உங்கள் ஆட்கள் கையில். குடோனில் மட்டும் எண்ணினால் மொத்தத்தில் எவ்வளவு குறைந்தது என்று தெரியும், யார் கையில் குறைந்தது என்று தெரியாது. வாடிக்கையாளர் "நான் முழுசாத்தான் ஏத்தி அனுப்பினேன்" என்பார். அது பொய் என்று காட்ட உங்களிடம் எதுவும் இல்லை. பல சமயம் அது பொய்யாகவும் இருப்பதில்லை.

நான் இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். முதல் சில வருஷம் நானும் உங்களைப் போல் இரண்டு எண்ணிக்கையோடுதான் ஓட்டினேன். அதை மாற்ற வைத்தது ஒரே ஒரு லோடு. அந்தக் கணக்கைச் சொன்னாலே ஷீட்டில் என்னென்ன கட்டம் வேண்டும் என்பது விளங்கிவிடும் என்பதால் அதையே சொல்கிறேன்.

200 பிளாஸ்டிக் சேர் போனது. குடோனில் வந்து எண்ணியது 197. பழைய வழக்கப்படி 3 சேர் குறைவு என்று எழுதி முடித்திருப்போம். அன்று சேரைக் கழுவிய பையன் அடுக்கைப் பிரித்தபோது, 3 சேரின் அடியில் நம் குறி இல்லை, வேறு நிறத்தில் பெயின்ட் குறி இருக்கிறது என்று கூப்பிட்டான். அந்த நிகழ்ச்சிக்கு இன்னொரு கடையிலிருந்தும் சேர் வந்திருந்தது. அள்ளும்போது அவர்களுடைய 3 நம் அடுக்கில் கலந்துவிட்டது. ஆக நம் சேர் வந்தது 194தான், குறைவு 6. சரி, 6 சேருக்கு வாடிக்கையாளரிடம் கேட்கலாமா? அதுவும் தப்பு. ஏனென்றால் வண்டியில் ஏற்றும்போது நம் ஆள் சிகரெட் அட்டையில் 198 என்று குறித்து வைத்திருந்தான். அந்த 198இல் அயல் குறி 3 போனால் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த நம் சேர் 195. அவர் பக்கம் குறைவு 5. மீதி ஒன்று ஏற்றிய பிறகு நம் வண்டியில் தொலைந்தது, அதற்கு அவர் பொறுப்பில்லை. ஒரே லோடுக்கு 3, 6, 5 என்று மூன்று விடை. சரியானது 5. அதை ஷீட் சொல்லவில்லை, சிகரெட் அட்டை சொன்னது.

அந்த அட்டைக்கு ஷீட்டில் ஓர் இடம் கொடுப்பதுதான் முதல் வேலை. போனது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "இடத்தில் எடுத்தது" என்று ஒரு கட்டம் போடுங்கள். வாடிக்கையாளர் தரப்பு ஆள் ஒருவர் முன்னால் எண்ணி, அவர் கையெழுத்தும் நேரமும் வாங்குங்கள். அதற்குப் பிறகு குடோன் கட்டங்கள்: நல்லது, கழுவ வேண்டியது, பழுது பார்க்க வேண்டியது, கழித்துக்கட்ட வேண்டியது, வேறு குறி. குறைவு என்று கையால் எழுதும் கட்டம் மட்டும் வேண்டாம். குறைவு என்பது எண்ணப்படும் பொருள் இல்லை, கழித்து வருவது. ஆள் கையால் எழுதினால் கணக்கை ஒப்பேற்றவே எழுதுவான்.

கணினியில் போடுவதானால் B போனது, C இடத்தில் எடுத்தது, D நல்லது, E கழுவ, F பழுது, G கழிவு, H வேறு குறி என்று வைத்துக்கொண்டு இரண்டே சூத்திரம் போதும். முதலாவது வாடிக்கையாளர் பக்கக் குறைவு, இரண்டாவது வண்டிக் குறைவு.

```
=B2-C2+H2
=C2-SUM(D2:H2)
```

மேலே சொன்ன சேர் வரிசையைப் போட்டுப் பாருங்கள். போனது 200, எடுத்தது 198, நல்லது 185, கழுவ 7, பழுது 0, கழிவு 2, வேறு குறி 3. முதல் சூத்திரம் 5 தரும், இரண்டாவது 1 தரும். இரண்டாவதில் பூச்சியம் தவிர எது வந்தாலும் பில் போடாமல் குடோனில் ஒருமுறை மறுபடி எண்ணச் சொல்லுங்கள். மைனஸ் வந்தால் இரண்டு எண்ணிக்கையில் ஏதோ ஒன்று நிச்சயம் தவறு, வண்டியில் சேர் குட்டி போடாது.

இடத்தில் எண்ணுவது சொல்வதுபோல் எளிதல்ல. ராத்திரி, எல்லோரும் களைத்திருப்பார்கள், வாடிக்கையாளர் வீட்டுப் பெரியவர்கள் கிளம்பியிருப்பார்கள். சேரைத் தனித்தனியாக எண்ண வேண்டாம், பத்துப் பத்தாக அடுக்கி அடுக்கை எண்ணுங்கள். எல்லா அடுக்கையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒன்பது உள்ள அடுக்கு தலை தாழ்ந்து நிற்கும், பதினொன்று எட்டிப் பார்க்கும், கண்ணே சொல்லிவிடும். ஒரு நிபந்தனை உண்டு. ஒரே மாடல் சேராக இருந்தால்தான் இது பலிக்கும். இரண்டு மாடல் கலந்த அடுக்கில் இடைவெளி மாறும், உயரத்தை நம்ப முடியாது. கரண்டி, ஜக்கு, டம்ளர் மாதிரிச் சின்னச் சாமானை, இத்தனைதான் வைக்க முடியும் என்று அளவெடுத்த டிரேயிலோ பெட்டியிலோ அனுப்புங்கள். 24 குழி உள்ள பெட்டியில் காலிக் குழியை எண்ணுவது சுலபம். கோணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு 24 வந்ததா என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேட்பதில் பயனில்லை.

கையெழுத்துப் போட ஆளே இல்லாமலும் போகும். அப்படியானால் அந்தக் கட்டத்தில் "ஆள் இல்லை" என்று நேரத்தோடு எழுதி, அங்கிருந்தே எண்ணிக்கையை வாடிக்கையாளர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்தளவு பலம் இதற்கு இல்லை. ஆனால் மூன்று நாள் கழித்து பில்லில் முதல் தடவையாக அந்த எண்ணைப் பார்ப்பதற்கும், அன்றிரவே பார்ப்பதற்கும் வாடிக்கையாளர் மனதில் நிறைய வித்தியாசம் உண்டு. நேரம் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் காலை ஏழு மணிக்கு வண்டி போனால், நடுவில் ஆளில்லாத இடத்தில் கிடந்த சாமானுக்கு அவரை முழுப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. எடுக்கும் நேரத்தையும் ஷீட்டில் முதலிலேயே எழுதுங்கள். தாமதம் நம் பக்கம் என்றால் குறைவில் பாதியை நான் விட்டுக்கொடுப்பேன். இது என் வழக்கம், சட்டம் அல்ல.

எண்ணிக்கை இதோடு தெளிவாகிவிடும். சேதம் வேறு கதை, அங்கே முழுத் தெளிவு ஒருபோதும் வராது. எது உறுதியாகச் சொல்லலாம், எது முடியாது என்று பிரித்து வைத்துக்கொள்வதே வழி.

சேரில் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பிளாஸ்டிக் சேரின் காலிலோ முதுகு சேரும் இடத்திலோ விரிசல் கண்டால் அதன் உதட்டைப் பாருங்கள். புது விரிசல் சுத்தமாக, உள் நிறம் பளிச்சென்று தெரியும். பழைய விரிசலுக்குள் தூசியும் கழுவிய அழுக்கும் கறுப்புக் கோடாக இறங்கியிருக்கும், அது இந்த வாடிக்கையாளர் செய்ததல்ல. விரிசல் வருவதற்கு முன்பே அந்த இடம் வெளுத்துக் காட்டும். அப்படி வெளுத்த சேரை நீங்களே அனுப்பியிருந்தால் உடைந்தது உங்கள் தப்பும்தான். அனுப்பும் முன் அடுக்கைப் பிரித்து வெளுத்ததை ஒதுக்குவது, காசு கேட்பதற்காக அல்லாவிட்டாலும், ஒருவர் விழுந்து அடிபடாமல் இருக்கவாவது அவசியம். என் லோடில் கழிவுக்குப் போன 2 சேரில் ஒன்றின் விரிசலில் அழுக்கு இருந்தது. அதை நம் கணக்கிலேயே கழித்தோம். சிராய்ப்பு, நிறம் மங்கல் இவற்றுக்குக் காசு கேட்காதீர்கள், அதற்குத்தான் வாடகை வாங்குகிறோம். பெயின்ட், மெழுகு, ஒட்டிய டேப் என்றால் கழுவும் கூலி மட்டும்.

பாத்திரத்தில் சண்டை பெரும்பாலும் நெளிசலைப் பற்றி. நான் மூன்றே சோதனை வைத்திருந்தேன். சமதளத்தில் வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா, மூடி சரியாக உட்காருகிறதா, தண்ணீர் ஊற்றினால் கசிகிறதா. மூன்றிலும் தேறினால் நெளிசல் இருந்தாலும் தேய்மானம்தான், பில்லில் வராது. ஒன்றில் தவறினாலும் தட்டி எடுக்கவோ பற்றவைக்கவோ ஆகும் கூலியைக் கேட்கலாம், புதுப் பாத்திர விலையைக் கேட்கக் கூடாது. அடுப்பில் ஏறும் பாத்திரத்தின் அடியில் கரி இருப்பது சேதமே இல்லை. உள்ளே அடிப்பிடித்துக் காய்ந்தது கழுவும் கூலியில் வரும். மூடிக்கு ஷீட்டில் தனி வரி கொடுங்கள். "மூடியுடன் 6 அண்டா" என்று ஒரே வரியில் எழுதினால் திரும்பி வருவது 6 அண்டாவும் 4 மூடியுமாக இருக்கும், அதை எழுத இடம் இருக்காது. இன்னொன்று, பெரிய பாத்திரத்தில் குறியோடு எடையையும் வெட்டி வையுங்கள். அளவு ஒன்றாக இருந்தும் தகடு மெலிந்த பாத்திரம் மாறி வந்தால் கண்ணுக்குத் தெரியாது, தராசில் வைத்தால் தெரியும். வேண்டுமென்றே மாற்றினார்கள் என்று எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டாம். இரண்டு கடைப் பாத்திரம் ஒரே இடத்தில் கழுவப்பட்டால் அதுவாகவே மாறும்.

லைட்தான் மிகவும் சிக்கலானது. எரியாமல் வந்த லைட் அவர் கையில் போனதா, ஆயுள் முடிந்து தானாகப் போனதா என்பதை லைட்டைப் பார்த்து மட்டும் பல சமயம் சொல்ல முடியாது. அதனால் இரண்டு முனையிலும் எரிய விட்டுப் பார்ப்பது கட்டாயம். போகும்போது ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் எரியவிட்டு "எரிந்தது" என்று எழுதுங்கள். இடத்தில் கழற்றும் முன் வாடிக்கையாளர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை மொத்தமாகப் போட்டுக் காட்டுங்கள். கழற்றிச் சுருட்டி வண்டியில் குலுங்கி வந்த பிறகு குடோனில் எரியவில்லை என்றால் அதை அவர் தலையில் கட்ட முடியாது. சீரியல் செட்டில் ஒரு துண்டு மட்டும் அணைந்து மற்றது எரிந்தால் அந்தத் துண்டில் ஒரு பல்ப் போயிருக்கும் அல்லது இணைப்பு விட்டிருக்கும், பெரும்பாலும் வயசுக் கோளாறு. காசு கேட்காதீர்கள். ஒயர் வெட்டுப்பட்டிருந்தால், பிளக்கை அறுத்து நேராகச் செருகியிருந்தால், கண்ணாடி உடைந்திருந்தால் அது கைச் சேதம், சந்தேகமில்லை. ஒரே லைனில் போட்ட லைட் எல்லாம் ஒரே நேரத்தில் போனால் மின்சாரம் ஏறியிருக்கலாம், ஜெனரேட்டரிலோ நியூட்ரல் விட்ட இணைப்பிலோ அப்படி ஆகும். அப்போது கேள்வி, லைன் இழுத்தது யார்? உங்கள் எலக்ட்ரீஷியன் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் "லைன் யார் பொறுப்பு" என்ற ஒரு வரி லைட் பகுதியின் தலையில் இருக்கட்டும். மழையில் நனைந்து வந்ததை உடனே பிளக்கில் செருகிச் சோதிக்காதீர்கள், ஆளுக்கே ஆபத்து. "நனைந்து வந்தது" என்று எழுதி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு பாருங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணிக்கைக்குப் படம் உதவாது, அடுக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சேதத்துக்கு உதவும், ஆனால் போகும்போது எடுத்த படமும் இருந்தால்தான். திரும்பி வந்த நெளிசலை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் "அப்படியேதான் வந்தது" என்று ஒரு வரியில் பதில் வரும். எல்லாவற்றையும் எடுக்க நேரமிருக்காது, பெரிய பாத்திரத்துக்கும் விலை கூடிய லைட்டுக்கும் எடுங்கள்.

இனி காசு. தொலைந்ததற்கும் உடைந்ததற்கும் புது விலை முழுவதும் வாங்குகிற கடைகள் நிறைய. "நான் புதுசுதானே வாங்கியாக வேண்டும்" என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏற்கெனவே நூறு தடவை வாடகை சம்பாதித்த சேருக்குப் புது விலை கேட்பது எனக்கு ஒப்பவில்லை. நான் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆயுள் வைத்துக்கொண்டு, மீதி ஆயுளுக்கு மட்டும் கேட்பேன். சேருக்கு 5 வருஷம் என்று வைத்தால், 2 வருஷம் ஓடியது போக புது விலையில் நூற்றுக்கு 60 பங்குதான் பாக்கி. எந்த முறையானாலும், அந்தத் தொகை சாமான் போகும் ஷீட்டிலேயே ஒவ்வொரு வரியிலும், வாடகைக்குப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். என் அனுபவத்தில் தகராறைக் குறைத்ததில் மூன்றாவது எண்ணிக்கைக்கு அடுத்தபடி இதுதான். தொகை பெரிதோ சிறிதோ, சாமான் வந்த பிறகு முதல் தடவையாகக் கேள்விப்பட்டால் யாருக்கும் கோபம் வரும்.

அந்த 200 சேர் கணக்கு எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். அன்றே பில் போடவில்லை. குறி பார்த்து மற்றக் கடைக்குப் போன் செய்தோம், அவர்கள் அடுக்கில் நம் சேர் 3 இருந்தது. மாற்றிக்கொண்டோம். வாடிக்கையாளர் பக்கக் குறைவு 5இலிருந்து 2 ஆயிற்று. வண்டியில் போன ஒன்று கடைசிவரை கிடைக்கவில்லை, நம் நஷ்டம். ஆக அவர் தர வேண்டியது தொலைந்த 2, புது விரிசல் கண்ட 1, மொத்தம் 3 சேர். புதுச் சேரின் விலையை 100 என்று வைத்தால் ஒவ்வொன்றும் 60, கூட்டினால் 180. உடைந்த சேருக்குக் காசு வாங்கிவிட்டதால் அது அவர் சொத்து, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கழிவு விலையைக் கழித்துக்கொள்கிறோம் என்றோம். கழித்துக்கொண்டார். அதோடு 7 சேர் கழுவும் கூலி. முதல் நாளே, 6 குறைவு 2 உடைசல் என்று புது விலைக்கு பில் போட்டிருந்தால் அதே கணக்கில் 800 ஆகியிருக்கும். அவர் கொடுத்திருக்க மாட்டார், கொடுத்திருந்தாலும் அது நமக்குச் சேர வேண்டிய காசாக இருந்திருக்காது.

ஆகவே பில்லை இரண்டாகப் பிரியுங்கள். வாடகையும் கழுவும் கூலியும் உடனே. குறைவையும் சேதத்தையும் "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று தற்காலிகமாகக் காட்டி, அதற்கு மட்டும் அட்வான்ஸில் நிறுத்தி வைத்து மீதியைத் திருப்பிக் கொடுங்கள். முழு அட்வான்ஸையும் பிடித்து வைத்தால் 2 சேருக்காக அவர் உங்களைத் திருடன் என்பார். ஒரு வாரக் கெடு வைத்தேன் நான். அதற்குள் கிடைத்தால் குறைவு நீங்கும், கூடுதல் நாளுக்கு வாடகை மட்டும் வாங்கலாம். கெடு முடிந்து சாமான் விலையே வாங்கிவிட்டால் அந்தத் தேதியோடு வாடகை ஓடுவது நின்றுவிட வேண்டும். விலையையும் வாங்கிக்கொண்டு அதற்கு வாடகையும் போடும் ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது, வாடகை தானாக ஓடும்படி சூத்திரம் போட்டுவிட்டு நிறுத்தும் தேதிக்குக் கட்டம் வைக்க மறந்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று மட்டும் இந்த ஷீட்டால் முடியாது. குடோனில் இறங்கிய சாமானைப் பார்க்காமல் மற்ற அடுக்கோடு கலந்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து எந்தச் சேதமும் யாருடையது என்று சொல்ல வழியில்லை. வந்த லோடுக்குத் தனியாக ஓர் ஓரம் ஒதுக்கி, ஷீட் நிரம்பும்வரை அங்கேயே இருக்கட்டும். கூட்டமான சீசனில் வந்த சேர் கழுவாமலே அடுத்த வண்டியில் ஏறும், எல்லாக் கடையிலும் நடப்பதுதான். அப்படி ஏற்றிய லோடுக்கு உடைசல் காசு கேட்காமல் விட்டுவிடுங்கள்.